பழைய பங்குச் சான்றிதழுக்குப் பதிவாளரைத் தேடுவது

பட்டியலிடப்பட்ட நிறுவனங்களில் பெரும்பாலானவை தங்கள் பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்க, செபியிடம் பதிவுபெற்ற ஒரு பதிவாளரை வைத்திருக்கின்றன. பங்கு மாற்று முகவர் என்றும் இவரைச் சொல்வார்கள். பங்கு யார் பெயரில் இருக்கிறது, எந்த ஆண்டின் டிவிடெண்ட் வாங்கப்படாமல் கிடக்கிறது என்பதற்கெல்லாம் விடை அவரிடம்தான் இருக்கும். ஆகவே, வீட்டில் பழைய பங்குச் சான்றிதழ் கிடைத்தால் முதலில் தேட வேண்டியது இந்தப் பதிவாளரை.

சான்றிதழில் அச்சாகியிருக்கும் முகவரியை நம்ப முடியாது. நிறுவனங்கள் பதிவாளரை மாற்றுவதுண்டு. பதிவாளர்களும் பெயர் மாறுவதுண்டு. கார்வி நடத்திய பதிவாளர் தொழில் இன்று கேஃபின் டெக்னாலஜீஸ் என்ற பெயரில் நடக்கிறது. லிங்க் இன்டைம் இப்போது எம்.யு.எஃப்.ஜி. இன்டைம் ஆகிவிட்டது. இன்றைய பதிவாளரின் பெயர் நிறுவனத்தின் இணையதளத்தில் முதலீட்டாளர் பகுதியிலும், ஆண்டறிக்கையின் நிர்வாக நெறி அறிக்கையிலும் இருக்கும்.

நிறுவனமே இல்லாமல் போயிருந்தால்தான் சிக்கல். பேங்க் ஆஃப் மதுரா இதற்கு நல்ல உதாரணம். கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-இல் தொடங்கிய இந்த வங்கி, 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியோடு இணைந்தது. அதன் சான்றிதழை வைத்திருப்பவர் தேட வேண்டியது ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் பதிவாளரை. அந்த வேலையைச் செய்வது இப்போது கேஃபின்.

இணைப்பின்போது மதுரா வங்கியின் ஒரு பங்குக்கு ஐ.சி.ஐ.சி.ஐ. வங்கியின் இரண்டு பங்குகள் தரப்பட்டன. 100 பங்குச் சான்றிதழ் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது 200 பங்குகள் ஆயிற்று. 2014-இல் பத்து ரூபாய் முகமதிப்புப் பங்கு இரண்டு ரூபாய்ப் பங்குகளாகப் பிரிக்கப்பட்டதால் 200 என்பது 1,000 ஆயிற்று. 2017-இல் பத்துக்கு ஒன்று என்ற போனஸால் 1,100 ஆயிற்று. சான்றிதழில் உள்ள எண்ணிக்கையை இன்றைய விலையால் பெருக்கி, இவ்வளவுதானா என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது. இதற்குமேல், ஆண்டுதோறும் அறிவிக்கப்பட்ட டிவிடெண்டும் உண்டு.

பதிவாளருக்கு எழுதும்போது ஃபோலியோ எண், சான்றிதழ் எண், பங்குகளின் வரிசை எண்கள், சான்றிதழில் உள்ளபடியே பெயர் ஆகியவற்றைக் கொடுத்து, கணக்கின் நிலையைக் கேட்க வேண்டும். ஃபோலியோ எண் தெரியாவிட்டாலும் பெயரையும் பழைய முகவரியையும் வைத்துத் தேட முடியும், அதற்கு நாளாகும். எண்ணைப் பெற்றதும் பான், வங்கிக் கணக்கு, முகவரி, கைப்பேசி விவரங்களை ஐ.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிய வேண்டும். பழைய கையெழுத்தும் இப்போதைய கையெழுத்தும் ஒத்துப்போகாததால் பல விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. வங்கி மேலாளர் சான்றளிக்கும் ஐ.எஸ்.ஆர்.-2 படிவம் அதற்காகவே இருக்கிறது. பங்குதாரர் இறந்திருந்தால் இறப்புச் சான்றும் வாரிசு உரிமை ஆவணங்களும் சேரும். 2019 ஏப்ரல் முதல் காகிதச் சான்றிதழை வேறொருவருக்கு விற்று மாற்ற முடியாது. ஆனால் வாரிசுக்கு மாற்ற முடியும். பங்குகள் கடைசியில் வந்து சேர்வது டீமேட் கணக்கில்தான் என்பதால், அந்தக் கணக்கை முன்பே திறந்து வைப்பது நல்லது.

டிவிடெண்டுக்கு ஏழு ஆண்டுக் கணக்கு உண்டு. அதுவரை வாங்கப்படாத தொகை நிறுவனத்தின் தனி வங்கிக் கணக்கில் இருக்கும். பதிவாளரிடமே கேட்டுப் பெறலாம். அதற்குப் பின் அது முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டுகள் டிவிடெண்ட் வாங்காவிட்டால் பங்குகளும் அங்கே போகும். போனதா இல்லையா என்பதை iepf.gov.in தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

நிதிக்குப் போன பங்கு பறிபோனதல்ல. முதலில் பதிவாளரிடமிருந்து, எத்தனை பங்கு, எவ்வளவு டிவிடெண்ட் உரியது எனச் சொல்லும் உரிமைக் கடிதத்தைப் பெற வேண்டும். பிறகு ஐ.இ.பி.எஃப்.-5 படிவத்தை இணையத்தில் நிரப்பி, அசல் ஆவணங்களை நிறுவனத்தின் பொறுப்பு அலுவலருக்கு அனுப்ப வேண்டும். நிறுவனம் சரிபார்த்து அறிக்கை தந்த பிறகே நிதி ஆணையம் பணத்தை வங்கிக் கணக்குக்கும் பங்கை டீமேட்டுக்கும் விடுவிக்கும். பான் அட்டை, சான்றிதழ், டீமேட் மூன்றிலும் பெயர் ஒன்றாக இல்லாவிட்டால் பெரும்பாலும் இங்கேதான் முட்டுக்கட்டை விழும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு நிதியாண்டில் ஒரே விண்ணப்பம்தான் என்பதால், விட்டுப்போன டிவிடெண்டுகளையும் எல்லா ஃபோலியோக்களையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

இந்த வேலைக்கு அரசு நிதி கட்டணம் வாங்குவதில்லை. மீட்டுத் தருவதாகச் சொல்லி மொத்த மதிப்பில் ஒரு பங்கைக் கேட்கும் இடைத்தரகர்கள் செய்வதும் மேலே சொன்ன இதே வேலைதான். பதிவாளர் பதில் தராமல் இழுத்தடித்தால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் பதியலாம்.