ரசமலாய் கரையாமலிருக்க...

வங்காளத்து இனிப்பான ரசமலாயைச் செய்யும்போது, வில்லைகள் பாகிலேயே கரைந்துவிட்டால் பெரும்பாலும் காரணம் சேனாவில் மிஞ்சிய ஈரம்தான்.

ஒரு லிட்டர் பசும்பாலைக் காய்ச்சி, எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்ததும், துணியில் வடிகட்டிக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். அரை மணி நேரம் தொங்கவிடுங்கள். ஒரு சிட்டிகை எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டாமல் உருண்டையாக நிற்க வேண்டும். ஒட்டினால் ஈரம் அதிகம். உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, வில்லை ரப்பர் போலாகும்.

பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தேய்த்துத் தேய்த்துப் பத்து நிமிடம் பிசையுங்கள். கையில் லேசாக நெய்ப்பசை தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். விரிசல் இல்லாமல் தட்டிக்கொள்ளுங்கள்.

ஒரு கப் சர்க்கரைக்கு நான்கு கப் தண்ணீர் சேர்த்த நீர்த்த பாகு போதும். அது தளதளவென்று கொதிக்கும்போது முதலில் ஒரே ஒரு வில்லையைப் போடுங்கள். உடைந்தால், மீதிச் சேனாவில் ஒரு தேக்கரண்டி மைதா சேர்த்துப் பிசையுங்கள். உடையாவிட்டால் மற்றவற்றையும் போட்டு, மூடி, பதினைந்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். கொதி அடங்கினால் வில்லை உப்பாது.

ஆறியதும் மெல்லப் பிழிந்து, வெதுவெதுப்பான சுண்டிய பாலில் இடுங்கள். பால் ரபடிபோல் கெட்டியாக இருந்தால் உள்ளே ஊறாது. கரண்டியில் ஓடும் பதமே சரி.