3.7 வோல்ட் செல்லிலிருந்து 5 வோல்ட் வருவது எப்படி?

பவர் பேங்கின் முகப்பில் 10000mAh என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் இன்னொரு கணக்கு இருக்கும்: 5 வோல்ட்டில் ஆறாயிரத்துச் சொச்சம். ஏமாற்று வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒழுங்காகச் செய்த பொருளில் இரண்டு எண்ணுமே உண்மைதான். உள்ளே இருக்கும் லித்தியம் செல் தருவது சராசரியாக 3.7 வோல்ட். போன் கேட்பது 5 வோல்ட். குறைவானதை வாங்கிக் கூடுதலாக்கித் தருவது பூஸ்ட் கன்வெர்ட்டர் என்ற சின்ன சர்க்யூட். ஏ.சி. மின்சாரமாக இருந்தால் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் போதும். பேட்டரியின் டி.சி.யை டிரான்ஸ்ஃபார்மரில் அப்படியே கொடுத்தால் மறுபக்கம் ஒன்றும் வராது. அதனால் வேறு வழி தேவைப்படுகிறது.

பழைய பவர் பேங்க் ஒன்றைப் பிரித்தால் பச்சை போர்டின் நடுவில் கறுப்பாக ஒரு சதுரக் கட்டி தெரியும். தலையில் 2R2 என்று எழுதியிருந்தால் அது 2.2 மைக்ரோஹென்றி இன்டக்டர். ஃபெரைட் உள்ளகத்தைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருள், அவ்வளவுதான். செல்லின் நேர்முனையிலிருந்து வரும் மின்சாரம் முதலில் இந்தச் சுருளுக்குள் நுழைகிறது. மறுமுனையில் இரண்டு பாதைகள். ஒன்று, மாஸ்ஃபெட் என்ற மின்னணு சுவிட்ச் வழியாக நேரே எதிர்முனைக்கு. இன்னொன்று, டயோடு வழியாக வெளியே இருக்கும் கெபாசிட்டருக்கு. இப்போது வரும் போர்டுகளில் டயோடுக்குப் பதில் இன்னொரு மாஸ்ஃபெட் அந்த வேலையைப் பார்க்கிறது. தத்துவம் ஒன்றுதான்.

மாஸ்ஃபெட் மூடியதும் சுருளின் இரு முனைகளுக்கும் இடையே செல்லின் முழு 3.7 வோல்ட்டும் விழுகிறது. வெறும் கம்பியாக இருந்தால் அது ஷார்ட் சர்க்யூட். சுருளில் அப்படி ஆவதில்லை. அதில் மின்னோட்டம் சட்டென்று எகிறாது, சீராக ஏறும். ஏற ஏறச் சுருளைச் சுற்றிய காந்தப்புலம் வலுக்கிறது, அந்தப் புலத்தில்தான் ஆற்றல் சேர்கிறது. இந்தச் சமயத்தில் வெளியே இருக்கும் போனுக்குச் செல் எதுவும் கொடுப்பதில்லை. கெபாசிட்டரில் இருப்பு வைத்ததே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்து மாஸ்ஃபெட் திறக்கிறது. ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்துக்குப் பாதை அடைபட்டுவிட்டது, ஆனால் சுருள் அதை நிற்க விடாது. வேகமாகத் தண்ணீர் ஓடும் குழாயைப் படக்கென்று அடைத்தால், தொட்டியின் உயரத்துக்கு உரியதைவிடப் பல மடங்கு அழுத்தம் ஒரு கணம் எழுந்து குழாயே அதிரும். இங்கே நடப்பதும் அதே வகை. காந்தப்புலம் சுருங்கத் தொடங்கியதும் சுருளின் மின்னழுத்தம் திசை மாறுகிறது. இதுவரை செல்லை எதிர்த்து நின்ற சுருள், இப்போது இன்னொரு பேட்டரி போலச் செல்லோடு வரிசையில் சேர்ந்துகொள்கிறது. செல்லின் 3.7 வோல்ட்டும் சுருளின் வோல்ட்டும் கூடி, வெளியே நிற்கும் 5 வோல்ட்டைத் தாண்டியதும் டயோடு வழிவிடுகிறது, மின்சாரம் கெபாசிட்டருக்குள் பாய்கிறது. வெளிவாயில் உள்வாயைவிட உயரமாக இருப்பதற்குக் காரணம் இந்தக் கூட்டல்தான்.

அது ஏன் 5-லேயே நிற்கிறது? மாஸ்ஃபெட் மூடியிருக்கும்போது சுருளில் ஏறிய மின்னோட்டம், திறந்திருக்கும்போது அதே அளவு இறங்கியாக வேண்டும். இறங்கியது குறைவானால் ஒவ்வொரு சுற்றிலும் மிச்சம் சேர்ந்து வெளி வோல்ட்டை ஏற்றும். கூடுதலானால் வோல்ட் இறங்கும். இரண்டும் சமமாகும் இடத்தில் சர்க்யூட் நிலைகொள்கிறது. ஒரு சுற்றில் மாஸ்ஃபெட் மூடியிருக்கும் நேரத்தின் பங்குக்கு டூட்டி சைக்கிள் என்று பெயர். அதை D என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வருகிறது:

Vout = Vin / (1 − D)

3.7-லிருந்து 5 வேண்டுமென்றால் D 0.26. நொடிக்கு 5 லட்சம் முறை திறந்து மூடும் போர்டில் ஒரு சுற்று 2 மைக்ரோ நொடி. அதில் 0.52 மைக்ரோ நொடி மூடியிருக்கும், மீதி 1.48 திறந்திருக்கும். மூடியிருக்கும்போது சுருளில் 3.7 வோல்ட், திறந்தபின் 1.3 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், இரண்டும் ஏறக்குறைய 1.92. ஏற்றமும் இறக்கமும் கச்சிதமாகச் சமம்.

போன் 2 ஆம்பியர் இழுக்கிறது என்றால் வெளியே போவது 10 வாட். இழப்பே இல்லை என்று வைத்தாலும் செல்லிலிருந்து 2.7 ஆம்பியர் எடுக்க வேண்டும். சுருளின் மின்னோட்டம் 2.26 ஆம்பியருக்கும் 3.14 ஆம்பியருக்கும் இடையே ஏறி இறங்கும். சுருளில் சேரும் ஆற்றல் ½LI². அதன்படி ஒரு சுற்றில் சேர்ந்து வெளியேறுவது 5.2 மைக்ரோஜூல். கண்ணுக்கே படாத அளவு, ஆனால் நொடிக்கு 5 லட்சம் முறை என்றால் 2.6 வாட் ஆகிவிடுகிறது. மீதி 7.4 வாட், மாஸ்ஃபெட் திறந்திருக்கும்போது செல்லிலிருந்தே நேராகப் போகிறது. இந்தச் சர்க்யூட்டில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்: முழுச் சுமையையும் சுருள் தூக்குவதில்லை, குறைகிற வோல்ட்டுக்கு உரிய பங்கை மட்டும் தூக்குகிறது.

பவர் பேங்கின் இரண்டு எண்களும் இங்கேதான் பொருந்துகின்றன. வோல்ட் கூடினால் ஆம்பியர் குறைந்தே தீரும், வாட் எங்கிருந்தும் புதிதாக வராது. 10,000 மில்லி ஆம்பியர் மணியை 3.7-ஆல் பெருக்கினால் 37 வாட் மணி. அதை 5-ஆல் வகுத்தால் 7,400. மாஸ்ஃபெட், சுருள், கேபிள் ஆகியவற்றில் வெப்பமாகப் போவதையும் கழித்தால் ஆறாயிரத்துச் சொச்சம்.

செல் எப்போதும் 3.7-லேயே இருப்பதில்லை. முழுச் சார்ஜில் 4.2, தீரும்போது 3 வோல்ட் அளவு. அதனால் கன்ட்ரோல் ஐ.சி. வெளி வோல்ட்டை ஓயாமல் பார்த்துக்கொண்டு D-யை 0.16-லிருந்து 0.4 வரை நகர்த்துகிறது. இந்தக் கண்காணிப்பு அறுந்தால் ஆபத்து. லோடு இல்லாத நேரத்தில் ஒவ்வொரு சுற்றின் ஆற்றலும் கெபாசிட்டரில் குவிந்து, ஏதாவது ஒன்று வெடிக்கும்வரை வோல்ட் ஏறும்.

சூத்திரத்தைப் பார்த்து, D-யை 0.9 ஆக்கினால் 10 மடங்கு வருமே என்று தோன்றும். வராது. சுருள் கம்பியின் மின்தடை லோடின் மின்தடையில் நூறில் ஒரு பங்கு இருந்தாலே, அந்த இடத்தில் 5 மடங்குதான் கிடைக்கும், பாதி ஆற்றல் சூடாகவே போய்விடும். அதற்கு மேல் D-யைக் கூட்டினால் வோல்ட் ஏறாது, இறங்கும். மாஸ்ஃபெட் முழுநேரமும் மூடியே இருந்தால் செல் சுருள் வழியாக ஷார்ட் ஆகும், அவ்வளவுதான்.

மலிவுப் போர்டுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு சுருளில்தான். ஃபெரைட் ஓர் அளவுக்கு மேல் காந்தப்புலத்தைத் தாங்காது. அந்த அளவைத் தாண்டினால் சுருள் தன் குணத்தை இழந்து கிட்டத்தட்ட வெறும் கம்பியாகிவிடும், மின்னோட்டம் எகிறும். லோடு இல்லாதபோது மல்டிமீட்டர் 5 வோல்ட் காட்டி, போனைச் செருகியதும் 4.5-க்கு இறங்கி, சில நிமிடத்தில் சுருளும் மாஸ்ஃபெட்டும் கைவைக்க முடியாமல் கொதித்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். டயோடு வைத்த போர்டில் வெளிவாயில் சுமார் 3.4 வோல்ட் மட்டும் வந்தால் வேறு கதை. மாஸ்ஃபெட் திறந்து மூடும் வேலையே நடக்கவில்லை. சுருள், டயோடு இரண்டையும் கடந்து செல்லின் மின்சாரம் அப்படியே வெளியே வந்து நிற்கிறது.