ஏழாம் நாள் உச்சம்

விந்தை அடக்கினால் டெஸ்டோஸ்டிரோன் எகிறும், உடல் வலுவும் தன்னம்பிக்கையும் கூடும் என்று முழங்கும் வீடியோக்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம், 2003-இல் வெளியான ஒரு சீன ஆய்வு.

அதில் 28 ஆண்களின் ரத்தத்தைத் தினமும் சோதித்தார்கள். ஐந்தாம் நாள் வரை பெரிய மாற்றமில்லை. ஏழாம் நாள் ஹார்மோன் சுமார் 45 சதவீதம் உயர்ந்தது. அதன் பிறகு நாளுக்கு நாள் ஏறவில்லை.

வலுவையோ கவனத்தையோ அந்த ஆய்வு அளக்கவே இல்லை. கட்டுரையும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

அடக்கிய விந்து உடலில் சக்தியாகச் சேர்வதில்லை. வெளியேறாத விந்தணுக்கள் சிதைந்து உடலால் உறிஞ்சப்படுகின்றன. சில தூக்கத்தில் வெளியேறலாம், அது நோயல்ல.

விந்து போனதால்தான் சோர்வு என்று அஞ்சி வருபவர்கள் பலரிடம் மருத்துவர்கள் காண்பது, சிகிச்சையால் தணியக்கூடிய மனப்பதற்றமும் மனச்சோர்வும்தான்.