கேரியரில் மூன்று இழை

எண்பதுகளில் கட்டிய ஒரு வீடு. வராண்டாச் சுவரில் மரப்பலகை, அதில் மீட்டர், மெயின் சுவிட்ச், பக்கத்தில் வெள்ளைப் பீங்கானில் நான்கு ஃபியூஸ் கேரியர்கள். சென்ற மழைக்காலத்தில் கேஸ் சிலிண்டர் தீர்ந்த ஒரு வாரத்துக்கென்று வாங்கிய இண்டக்‌ஷன் அடுப்பு அப்படியே சமையலறையில் தங்கிவிட்டது. அதன் தடித்த பின் அங்கிருக்கும் ஐந்து ஆம்பியர் பிளக்கில் ஏறாது. கடையில் கன்வர்ட்டர் கிடைக்கிறது, மாட்டியாயிற்று. முதல் இரண்டு நாள் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் இரவு, அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போது பாதி வீடு இருட்டாகிறது. "பீஸ் போயிடுச்சு" என்று யாரோ சொல்கிறார்கள்.

போனது எது என்பதை இருட்டில் தடவிப் பார்க்காமலே பாதி கண்டுபிடித்துவிடலாம். தெருவிளக்கும் பக்கத்து வீடும் இருண்டிருந்தால் அது வாரியத்தின் பிரச்சினை. தெருவெல்லாம் எரிந்து நம் வீடு முழுவதும் இருண்டிருந்தால் மெயின் சுவிட்சுக்குள் இருக்கும் ஃபியூஸாக இருக்கலாம், அல்லது மீட்டருக்கு முன்னால் இருக்கும் வாரியத்தின் ஃபியூஸாக இருக்கலாம். பின்னது நம் கை படக்கூடாதது. மெயினை அணைத்தாலும் அதில் மின்சாரம் சாகாது, லைன்மேன்தான் வரவேண்டும். நம் வீட்டில் நடந்ததுபோல ஒரு பகுதி மட்டும் இருண்டால், அந்தப் பகுதிக்குப் போகும் கேரியர்தான்.

கேரியரைப் பிடுங்குமுன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. இருண்ட பகுதியில் இருக்கும் எல்லா சுவிட்சையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றவேண்டும். பிறகு மெயினை அணைக்கவேண்டும். லோடு ஓடும்போது கேரியரை இழுத்தால் தொடர்பு விடும் இடத்தில் பொறி பறக்கும். போட்டுத் திருப்பி மாட்டும்போதும் அப்படித்தான். காலில் காய்ந்த செருப்பு, கையில் டார்ச், இவ்வளவு போதும். மெயினை அணைத்துவிட்டோம் என்று அதன் மேல்முனைகளைத் தொடக்கூடாது, அங்கே மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும்.

இழுத்த கேரியரைத் திருப்பிப் பார்த்தால், பெரும்பாலும் கம்பி அறுந்திருப்பது தெரியும். எப்படி அறுந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு. பீங்கான் சுத்தமாக இருந்து, நடுவில் சிறு இடைவெளி விட்டு, இரு முனையும் சின்ன மணிபோல உருண்டிருந்தால் கம்பி மெதுவாகச் சூடேறி உருகியிருக்கிறது என்று பொருள். அதாவது ஓவர்லோடு. பீங்கான் கரிபிடித்து, செம்புத் துளிகள் தெறித்து ஒட்டியிருந்து, கம்பியே ஏறக்குறைய காணாமல் போயிருந்தால் அது ஷார்ட் சர்க்யூட். நொடியின் சிறு பகுதியில் பெரிய மின்னோட்டம் பாய்ந்திருக்கிறது. எங்கோ வயர் வயரைத் தொட்டிருக்கிறது, அதைத் தேடாமல் புதுக் கம்பி போட்டால் அதுவும் டப்பென்று போகும். மூன்றாவது வகையும் உண்டு. திருகுக்கு அருகில் மட்டும் கம்பி கறுத்து அறுந்திருக்கும். திருகு தளர்ந்தோ, முறுக்கும்போது கம்பி நசுங்கியோ இருந்ததன் விளைவு அது, லோடைக் குறை சொல்லவேண்டியதில்லை.

சிலசமயம் கம்பி கண்ணுக்கு முழுதாகத் தெரியும், ஆனால் விட்டுப்போயிருக்கும். கழற்றிய கேரியரின் இரு முனையில் மல்ட்டிமீட்டரை வைத்து ஒலி வருகிறதா என்று பார்ப்பதே நிச்சயமான வழி. நியான் டெஸ்டரை நான் அவ்வளவு நம்பமாட்டேன். எரிந்தால் மின்சாரம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், எரியாவிட்டால் இல்லை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

நம் வீட்டுக் கேரியரில் கம்பி நடுவில் உருகி, முனைகள் உருண்டிருந்தன. கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். அடுப்பு 2,000 வாட், நம் மின்சாரம் 230 வோல்ட். வகுத்தால் 8.7 ஆம்பியர். அதே சர்க்யூட்டில் நான்கு மின்விசிறி, விளக்குகள், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 500 வாட், அதாவது இன்னும் 2 ஆம்பியருக்குச் சற்று மேல். ஆக 11 ஆம்பியர். கேரியரில் இருந்ததோ 5 ஆம்பியர் கம்பி. அப்படியென்றால் முதல் நாளே ஏன் போகவில்லை?

இங்கேதான் பலர் தடுமாறுவது. 5 ஆம்பியர் கம்பி 5 ஆம்பியரில் உருகாது. அந்த எண் அது நெடுநேரம் தாங்கி ஓடவேண்டிய அளவு. இந்தத் திறந்த வகைக் கம்பி, எழுதிய எண்ணைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஓடினால்தான் உருகும். அதுவும் உடனே உருகாது, சூடு சேரச் சேரத்தான். 11 ஆம்பியர் என்பது அந்த விளிம்பை ஒட்டியது. அடுப்பைச் சிறு தீயில் வைத்தபோதெல்லாம் கம்பி பிழைத்திருந்தது, ஃபிரிட்ஜும் சேர்ந்து ஓடி, குழம்பும் நெடுநேரம் கொதித்த இரவில் உருகிவிட்டது.

இந்த இரண்டு மடங்கு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்தக் கம்பி போடுவது என்ற கேள்விக்கு விடை எளிது. அடுப்பு எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்து ஃபியூஸ் போடக்கூடாது. சுவருக்குள் ஓடும் வயர் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துப் போடவேண்டும். ஃபியூஸ் காப்பது வயரை. குழாய்க்குள் போன 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், நம் ஊர் வெக்கையில், ஏறத்தாழ 11 ஆம்பியர் வரை நிம்மதியாகத் தாங்கும். 1.5 வயர் 15, 2.5 வயர் 21. ஃபியூஸ் தாமதமாக உருகுவதால், வயரின் தாங்குதிறனில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகவே ஃபியூஸ் எண் இருக்கவேண்டும் என்பது கைக்கணக்கு. ஆக 1 சதுர மி.மீ. வயருக்கு 5 ஆம்பியர் கம்பி, 1.5-க்கு 10, 2.5-க்கு 15. ஈயம் பூசிய செம்புக் கம்பியில் 5 ஆம்பியர் என்றால் 0.2 மி.மீ. தடிமன், 10 என்றால் 0.35, 15 என்றால் 0.5. ஹார்டுவேர் கடையில் ஆம்பியர் எண்ணைச் சொல்லியே கேட்கலாம். போடும்போது ஒற்றை இழையாக, திருகைச் சுற்றி அது முறுகும் திசையிலேயே வளைத்து, இழுத்து விறைக்கவைக்காமல் போடவேண்டும்.

நம் வீட்டில் அந்த இரவில் கடை மூடியிருந்தது. மேசை விளக்கின் பழைய வயரை வெட்டி, உள்ளே இருந்த மெல்லிய இழைகளில் மூன்றை முறுக்கிக் கேரியரில் கட்டியாயிற்று. "இனிமே போகாது" என்று கட்டியவர் சொன்னார். சொன்னது உண்மைதான், அதுதான் ஆபத்து.

அந்த இழை ஒவ்வொன்றும் 0.3 மி.மீ. செம்பு. 1880களில் வேல்ஸ் நாட்டுப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் கண்டெடுத்த ஒரு விதி இன்றும் பயன்படுகிறது: தடிமனை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, செம்புக்கு 80-ஆல் பெருக்கினால், உருகத் தேவையான ஆம்பியர் தோராயமாகக் கிடைக்கும். 0.3 மி.மீ. இழைக்கு 13 வருகிறது. மூன்று இழைக்கு 39, முறுக்கியிருப்பதால் சூடு வெளியேறுவது குறைந்து கொஞ்சம் கீழே இறங்கும். எப்படிப் பார்த்தாலும் 30 ஆம்பியருக்கு மேல். வயரின் வரம்பு 11.

இனி 11-க்கும் 30-க்கும் இடையில் எவ்வளவு ஓடினாலும் அதைக் கேட்பார் இல்லை. அடுப்புடன் யாரோ இஸ்திரிப் பெட்டியையும் கிரைண்டரையும் மாட்டினால் 18, 20 ஆம்பியர் எளிதில் வந்துவிடும். கம்பியில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப்போல் ஏறும். 11-இல் வயர், சுற்றுப்புறத்தைவிட 30 டிகிரி கூடுதலாகச் சூடாகி, 40 டிகிரி நாளில் 70-இல் நிற்கும். பி.வி.சி. உறைக்கு அதுதான் எல்லை. 20 ஆம்பியரில் சூடு மூன்று மடங்குக்கு மேல், அதாவது கூடுதல் 100 டிகிரி. வயர் 140-ஐத் தொடும். உறை இளகி, பிறகு கடினமாகி, நொறுங்கத் தொடங்கும். தீப்பிடிப்பது உடனே நடக்காது. சுவருக்குள், கூரைக்கு மேல், இணைப்புகளில், கன்வர்ட்டரின் பித்தளைத் தொடர்பில் என்று தளர்ந்த இடங்களில் மெல்லக் கருகிவரும். தீயைத் தூண்டுவது பெரும்பாலும் அந்த இணைப்புதான், நடு வயர் அரிது.

இன்னொரு ஆபத்தைப் பலர் யோசிப்பதில்லை, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது. கிரைண்டரின் உள்ளே உறை உரிந்து ஃபேஸ் வயர் உடலைத் தொடுகிறது என்று கொள்வோம். எர்த் வயர் வழியாக மின்சாரம் தரைக்குப் பாயும், அந்தப் பாய்ச்சல்தான் ஃபியூஸை உருக்கவேண்டும். பழைய வீட்டின் எர்த் குழி காய்ந்திருக்கும், மொத்தத் தடை 8 ஓம் என்று வைத்தால் பாய்வது 230-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 29 ஆம்பியர். 5 ஆம்பியர் கம்பிக்கு அது போதும், உருகிவிடும். மூன்று இழைக்கு அது தாங்கும் அளவுக்குள். ஃபியூஸ் உருகாது, கிரைண்டரின் உடல் மின்சாரத்தோடு நிற்கும். ஈரக்கையோடு யாராவது தொட்டால் அவ்வளவுதான். சரியான ஃபியூஸ்கூட நேரடி அதிர்ச்சியிலிருந்து ஆளைக் காக்காது, அதற்கு 30 மில்லிஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

மீண்டும் மீண்டும் துண்டிக்கும் எம்.சி.பி.யை அப்படியே 32 ஆம்பியராக மாற்றிவிடும் வீடுகளிலும் இதே கணக்குதான். பீங்கான் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்த வீட்டுக்குச் சரியான வேலை, ஃபியூஸ் பலகையிலிருந்து சமையலறைக்கு 2.5 சதுர மி.மீ. வயரில் ஒரு தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், எர்த்தோடு. அடுப்பு அதில். பழைய லைனுக்குப் பழைய 5 ஆம்பியர் கம்பி. கன்வர்ட்டர் குப்பைக்கு. மூன்று இழை எத்தனை மாதமாக இருந்தது என்று தெரியாத வீட்டில் கம்பியை மாற்றுவதோடு நிற்கக்கூடாது. மெயினை அணைத்து, சமையலறை சுவிட்ச் போர்டைத் திறந்து, வயரின் உறையை விரலால் வளைத்துப் பார்க்கவேண்டும். பழுப்பேறி, வளைத்தால் விரிசல் விடும் வயருக்கு ஆயுள் முடிந்துவிட்டது. சந்தேகமிருந்தால் எலக்ட்ரீஷியனைக் கொண்டு, சாதனங்களை எல்லாம் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகரில் உறையின் தடையை அளக்கச் சொல்லலாம். ஒரு மெகாஓமுக்குக் கீழே வந்தால் அந்த லைனை உருவிப் புது வயர் இழுக்கவேண்டியதுதான்.