எமிட்டரின் காலடியில் ஒரு கெபாசிட்டர்

சொந்தமாக ஒரு மைக் ஆம்ப்ளிபையர் செய்து பார்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் பூட்டுவது பெரும்பாலும் ஒற்றை டிரான்சிஸ்டர் சர்க்யூட்தான். சப்ளை கொடுத்ததும் அது வேலை செய்யும். ஆனால் கேட்டுப் பார்த்தால் பெண் குரல் பளிச்சென்று வரும், ஆண் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவதுபோல இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலை கேட்கும், தொப்பியின் கும்காரம் காணாமல் போயிருக்கும். பலர் உடனே டிரான்சிஸ்டரை மாற்றுவார்கள். பார்க்க வேண்டியது எமிட்டருக்கும் கிரவுண்டுக்கும் நடுவே இருக்கும் கெபாசிட்டரை.

ஒரு சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். டிரான்சிஸ்டர் பிசி547, சப்ளை 12 வோல்ட். பேஸில் 47 கிலோ ஓம், 10 கிலோ ஓம் என இரண்டு ரெசிஸ்டர்கள் சப்ளையைப் பங்கிட்டு ஏறக்குறைய 2 வோல்ட் தருகின்றன. கலெக்டரில் 3.3 கிலோ ஓம், எமிட்டரில் 1 கிலோ ஓம். மீட்டரை வைத்தால் எமிட்டரில் சுமார் 1.4 வோல்ட் இருக்கும். அப்படியானால் ஓடும் கரண்ட் 1.4 மில்லி ஆம்பியர். கலெக்டர் 7.4 வோல்ட்டில் நிற்கும். சிக்னல் மேலும் கீழும் ஆட அது வசதியான இடம்.

எமிட்டரில் அந்த 1 கிலோ ஓம் எதற்கு? டிரான்சிஸ்டர் சூடானால் அதன் பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் டிகிரிக்குச் சுமார் 2 மில்லிவோல்ட் வீதம் குறையும். எமிட்டர் நேராக கிரவுண்டில் இருந்து, பேஸ் வோல்டேஜும் மாறாமல் இருந்தால், 30 டிகிரி ஏற்றத்துக்கே கரண்ட் கிட்டத்தட்டப் பத்து மடங்காகப் பார்க்கும். 1 கிலோ ஓம் இருந்தால் கரண்ட் ஏறும்போது எமிட்டர் வோல்டேஜும் சேர்ந்து ஏறி, பேஸுக்கும் எமிட்டருக்கும் உள்ள இடைவெளியைக் குறைத்து, கரண்டைத் திரும்ப இழுத்துப் பிடிக்கும். அதே 30 டிகிரிக்கு மாற்றம் நான்கைந்து சதவீதத்தோடு நின்றுவிடும்.

சிக்கல் என்னவென்றால், வெப்பத்தால் வந்த ஏற்றம் எது, மைக்கிலிருந்து வந்த ஏற்றம் எது என்று ரெசிஸ்டருக்குத் தெரியாது. இரண்டையும் ஒரே மாதிரி அடக்கும். இந்த சர்க்யூட்டின் பெருக்கத்தைக் கணக்கிட, கலெக்டர் தடையை எமிட்டர் பக்கத்து மொத்தத் தடையால் வகுத்தால் போதும். எமிட்டர் பக்கத்தில் வெளியே 1000 ஓம் இருக்கிறது. டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே இன்னொரு சிறு தடையும் உண்டு. 25 மில்லிவோல்ட்டை ஓடும் கரண்டால் வகுத்தால் அது கிடைக்கும். இங்கே 18 ஓம். ஆகப் பெருக்கம் 3300-ஐ 1018-ஆல் வகுத்தது, வெறும் 3.2.

இப்போது 1 கிலோ ஓமுக்குப் பக்கவாட்டில் ஒரு கெபாசிட்டரை வைக்கிறோம். நேர்மின்சாரம் அதன் வழியே போகாது, அதனால் பயாஸ் அப்படியே இருக்கும். சிக்னலோ ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு கெபாசிட்டர் வழியே கிரவுண்டுக்கு இறங்கிவிடும். எமிட்டர் பக்கத்தில் சிக்னல் பார்ப்பது அந்த 18 ஓமை மட்டுமே. பெருக்கம் 3300-ஐ 18-ஆல் வகுத்தது, 183. ஒரு சின்ன கெபாசிட்டரால் ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம். அடுத்து ஒரு ஸ்டேஜை இணைத்தால் அதன் சுமையால் இந்த எண் குறையும் என்பது வேறு விஷயம்.

ஆனால் கெபாசிட்டர் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே மாதிரி வழிவிடாது. அதிர்வெண் குறையக் குறைய அதன் தடுப்பு கூடும். இங்கேதான் கணக்குத் தவறுகிறது. கெபாசிட்டர் 1 கிலோ ஓமுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது, அந்த 1 கிலோ ஓமை வைத்தே அளவைக் கணக்கிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். f = 1/(2πRC) என்ற சூத்திரத்தில் 1000 ஓமையும் 10 மைக்ரோபாரடையும் போட்டால் 16 ஹெர்ட்ஸ் வருகிறது. காது கேட்கத் தொடங்குவதே 20 ஹெர்ட்ஸ் வாக்கில், ஆகவே 10 மைக்ரோபாரட் தாராளம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

16 ஹெர்ட்ஸ் என்ற எண் தவறில்லை, அதற்குத் தரும் பொருள்தான் தவறு. பெருக்கம் 3.2-லிருந்து மேலே ஏறத் தொடங்கும் இடம் அது. ஏறி முடிக்கும் இடம் வேறு. கெபாசிட்டர் போட்டியிட வேண்டியது 1 கிலோ ஓமோடு அல்ல, உள்ளே இருக்கும் 18 ஓமோடு. அந்த 18 ஓமை விடக் கெபாசிட்டரின் தடுப்பு சிறிதானால்தான் முழுப் பெருக்கம் கிடைக்கும். சூத்திரத்தில் 18-ஐப் போட்டால் வருவது ஏறக்குறைய 900 ஹெர்ட்ஸ். நடு அதிர்வெண்ணின் 183 அதற்கு மேலேதான் முழுதாகக் கிடைக்கிறது. 900-இல் அதில் 70 சதவீதம்தான்.

10 மைக்ரோபாரட் வைத்த சர்க்யூட்டில் 10,000 ஹெர்ட்ஸ் சிக்னல் 183 மடங்காகிறது. 1,000 ஹெர்ட்ஸில் 136. ஆண் குரலின் அடித்தளம் இருக்கும் 100 ஹெர்ட்ஸில் 20 மடங்குதான். 20 ஹெர்ட்ஸுக்கு இறங்கினால் 5. குரலில் தகரம் ஏறியதற்கு விளக்கம் இதுதான். கெபாசிட்டரை 100 மைக்ரோபாரடாக்கினால் 100 ஹெர்ட்ஸிலேயே 136 கிடைத்துவிடும். 20 ஹெர்ட்ஸ் வரை வேண்டுமென்றால் 470 மைக்ரோபாரட் தேவை. மைக் பக்கத்து மின்தடையின் ஒரு பங்கு டிரான்சிஸ்டர் வழியே எமிட்டரிலும் தெரியும், அதனால் நிஜ எல்லை இதைவிடச் சற்றுக் கீழே வரும்.

பேஸ் பக்கத்தில் சிக்னலை உள்ளே விடும் கெபாசிட்டருக்கு 10 மைக்ரோபாரட் போதும். அது பார்ப்பது சுமார் 2,500 ஓம் உள்ளீட்டுத் தடையை, அதனால் அதன் எல்லை 6 ஹெர்ட்ஸ். அந்த அளவைப் பார்த்துவிட்டு எமிட்டரிலும் அதையே வைப்பது சகஜமான பிழை. இரண்டின் குறையும் ஒரே மாதிரி தோன்றாது. உள்ளீட்டுக் கெபாசிட்டர் சிறிதானால் கீழே போகப் போகப் பெருக்கம் பூஜ்யத்தை நோக்கிச் சரிந்துகொண்டே இருக்கும். எமிட்டர் கெபாசிட்டர் சிறிதானால் சரிவு 3.2-இல் போய்ப் படி போல நின்றுவிடும்.

183 என்ற பெருக்கத்தின் மேல் எனக்குப் பெரிய பிரியம் இல்லை. அது அந்த 18 ஓமை மட்டுமே நம்பி நிற்கிறது, 18 ஓமோ சிக்னல் ஆடும்போதே கரண்டோடு சேர்ந்து மாறுகிறது. பேஸில் 10 மில்லிவோல்ட் உச்சம் கொடுத்தாலே வெளியே வரும் அலையில் இரண்டாம் ஹார்மோனிக் 10 சதவீத அளவுக்கு வந்துவிடும். நல்ல வழி, 1 கிலோ ஓமை 100, 900 என இரண்டாகப் பிரித்து, 100-ஐ எமிட்டர் பக்கம் வைத்து, 900-க்கு மட்டும் கெபாசிட்டர் போடுவது. பயாஸ் மாறாது. பெருக்கம் 28-ஆகக் குறையும், ஆனால் பெரும்பகுதி நிலையான 100 ஓமைச் சார்ந்திருக்கும், ஒலியும் சுத்தமாகும். இன்னொரு லாபமும் உண்டு. 100 மைக்ரோபாரடே 15 ஹெர்ட்ஸ் வரை தாங்கும்.

பழைய செட்டுகளில் இந்த எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உள்ளே காய்ந்து போவதுண்டு. அப்போது ஒலி மெலிந்துபோகும், ஆனால் மீட்டரில் எல்லா வோல்டேஜும் சரியாகவே காட்டும். ஏனென்றால் நேர்மின்சாரத்துக்கு அந்தக் கெபாசிட்டர் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். நல்ல கெபாசிட்டர் ஒன்றை, பிளஸ் கால் எமிட்டரில் படும்படி, பழையதன் மேலேயே தொட்டுப் பாருங்கள். சத்தம் சட்டென்று எழும்பினால் குற்றவாளி அதுவே. ஷார்ட் ஆகியிருந்தால் மீட்டரே சொல்லிவிடும். எமிட்டரில் 1.4-க்குப் பதில் பூஜ்யம், பேஸ் 0.7 வோல்ட் அளவுக்கு இறங்கியிருக்கும், டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து கலெக்டர் 0.1 வோல்ட் பக்கம் விழுந்துகிடக்கும்.