அட்டவணைக்குக் கீழே என்ன எழுதுவது?

நம் பல்கலைக்கழக நூலகங்களில் உள்ள ஆய்வேடுகளில் நான்காம் அத்தியாயத்தைப் புரட்டினால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். எஸ்.பி.எஸ்.எஸ். திரையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டிய ஓர் அட்டவணை. அதற்குக் கீழே, ‘p மதிப்பு 0.05-ஐ விடக் குறைவு. ஆகவே இன்மைக் கருதுகோள் நிராகரிக்கப்படுகிறது’ என்று ஒரே வரி. அடுத்த பக்கத்தில் அடுத்த அட்டவணை, அதே வரி. ‘சரி, எவ்வளவு வித்தியாசம் வருகிறது?’ என்று வைவாவில் யாராவது கேட்டால் ஆய்வாளர் மறுபடி அட்டவணையைத்தான் பார்ப்பார்.

அந்த ஒரு வரியின் இடத்தில் என்ன எழுதலாம் என்பதை உண்மையான தரவு ஒன்றைக் கொண்டு பார்ப்போம். 1974-இல் அமெரிக்காவின் ‘மோட்டார் ட்ரெண்ட்’ இதழில் வெளியான 32 கார்களின் விவரம், `mtcars` என்ற பெயரில் ஆர் மென்பொருளோடு இலவசமாக வருகிறது. புள்ளியியல் வகுப்பில் பலரும் முதலில் தொடும் தரவு இதுதான். எல்லாம் 1973, 74 மாடல் கார்கள். கேள்வி நமக்குப் பழக்கமானது: காரின் எடையும் என்ஜினின் குதிரைத்திறனும் கூடினால் மைலேஜ் எவ்வளவு குறைவாக இருக்கிறது? ஒரு விளைவை ஒன்றோ பலவோ காரணிகளோடு பொருத்தி, ஒவ்வொன்றின் பங்கையும் தனித்தனியே மதிப்பிடுவதுதான் ரிக்ரெஷன். மென்பொருள் தரும் விடை இது:

```
            Estimate Std. Error t value Pr(>|t|)
(Intercept) 37.22727    1.59879  23.285  < 2e-16 ***
wt          -3.87783    0.63273  -6.129 1.12e-06 ***
hp          -0.03177    0.00903  -3.519  0.00145 **
```

இதை அப்படியே ஆய்வேட்டில் ஒட்டினால் வாசகர் முதலில் இரண்டு தவறான முடிவுக்கு வருவார். எடைக்கு எதிரே 3.88, குதிரைத்திறனுக்கு எதிரே 0.03 என்று பார்த்ததும் எடைதான் எல்லாம், குதிரைத்திறன் ஒன்றுமில்லை என்று நினைப்பார். நட்சத்திரங்களைப் பார்த்தால், மூன்று பெற்றது பெரிய விளைவு, இரண்டு பெற்றது கொஞ்சம் சிறியது என்று எண்ணுவார். இரண்டுமே பிசகு. முதல் எண், எடை ஆயிரம் பவுண்டு, அதாவது சுமார் 454 கிலோ, கூடும்போது வரும் மாற்றம். இரண்டாவது எண் ஒரே ஒரு குதிரைத்திறன் கூடும்போது வரும் மாற்றம். இந்தக் கார்களில் குதிரைத்திறன் 52 முதல் 335 வரை போகிறது. ஒரு குதிரைத்திறன் வித்தியாசத்தை ஓட்டுநரால் உணரக்கூட முடியாது. நட்சத்திரங்களோ விளைவின் அளவைச் சொல்வதே இல்லை. விளைவு உண்மையில் பூஜ்யமாக இருந்தால் இத்தகைய விடை தற்செயலாகக் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பதைத்தான் அவை காட்டுகின்றன. ஆயிரக்கணக்கில் மாதிரி எடுத்தால் அற்பமான வித்தியாசத்துக்கும் மூன்று நட்சத்திரம் கிடைத்துவிடும்.

ஆகவே முதல் வேலை அலகை மாற்றுவது. நம் வாசகருக்கு மைலேஜ் என்றால் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர். எடைக்கு 100 கிலோவையும், திறனுக்கு 10 குதிரைத்திறனையும் ஓர் அலகாக வைத்துக்கொள்ளலாம். அலகை மாற்றுவதால் கணக்கின் சாரத்தில் எதுவும் மாறாது. P மதிப்பும் அதேதான். ஆய்வேட்டுக்குள் போகவேண்டிய அட்டவணை இப்படி அமையும்:

அட்டவணை 1. காரின் மைலேஜ் (கி.மீ./லிட்டர்): ரிக்ரெஷன் முடிவுகள்

| மாறி | கெழு | 95% நம்பக இடைவெளி | p |
|---|---|---|---|
| எடை (ஒவ்வொரு 100 கிலோவுக்கும்) | −0.36 | −0.48 முதல் −0.24 வரை | < 0.001 |
| திறன் (ஒவ்வொரு 10 குதிரைத்திறனுக்கும்) | −0.14 | −0.21 முதல் −0.06 வரை | 0.001 |

*குறிப்பு: கார்கள் 32. மாறிலி 15.83. R² = 0.83. கணிப்பின் வழக்கமான பிழை 1.10 கி.மீ./லிட்டர்.*

ஐந்து தசம இடங்கள் இரண்டாகக் குறைந்திருக்கின்றன. `wt`, `hp` என்ற திரைப்பெயர்கள் போய், படித்தவுடன் புரியும் பெயர்கள் வந்திருக்கின்றன. எஸ்.பி.எஸ்.எஸ். சில சமயம் p மதிப்பை .000 என்று காட்டும். அது மூன்று இடத்துக்கு முழுமையாக்கிய எண்தான். p ஒருபோதும் பூஜ்யமாகாது என்பதால் ‘0.001-க்கும் குறைவு’ என்றே எழுதவேண்டும். இந்த ஒரு பிழையைத் தேடியே சில தேர்வாளர்கள் அட்டவணையைப் பார்க்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

இனி அட்டவணையைப் படித்துச் சொல்வோம். குதிரைத்திறன் சமமாக உள்ள இரண்டு வகைக் கார்களில், ஒன்று மற்றதைவிட 300 கிலோ கனமானது என்றால், கனமான வகையின் மைலேஜ் சராசரியாக லிட்டருக்கு 1.1 கி.மீ. குறைவு. இந்த 32 கார்களின் சராசரி மைலேஜே 8.5 கி.மீ.தான் என்பதைப் பக்கத்தில் வைத்தால், 1.1 என்பது சின்ன இழப்பில்லை என்று யாருக்கும் புரியும். எடை சமமாக இருந்து 100 குதிரைத்திறன் கூடினால் சுமார் 1.4 கி.மீ. குறைவு. திரையில் 0.03 என்று பூஜ்யம்போலத் தெரிந்த எண் இதுதான்.

நம்பக இடைவெளியையும் வாக்கியத்துக்குள் கொண்டுவரவேண்டும். நூறு கிலோவுக்கு 0.36 என்பது நம் மதிப்பீடு, 0.24 முதல் 0.48 வரை எந்த எண்ணும் இந்தத் தரவோடு ஒத்துப்போகிறது. மேல் எல்லை கீழ் எல்லையைப்போல இரண்டு மடங்கு! மைலேஜ் குறைகிறது என்பதில் ஐயமில்லை. எவ்வளவு என்பதில்தான் 32 கார்களால் இதற்குமேல் துல்லியம் தரமுடியவில்லை. 0.36-ஐ மட்டும் சொல்லி நிறுத்தினால், இல்லாத துல்லியம் இருப்பதாக வாசகர் நம்பிவிடுவார்.

‘குதிரைத்திறன் சமமாக உள்ள’ என்ற சொற்றொடரைச் சோம்பலில் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. ரிக்ரெஷனின் முழுப் பொருளும் அதில்தான் இருக்கிறது. எடையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் 100 கிலோவுக்கு 0.50 கி.மீ. குறைவு என்று வருகிறது. குதிரைத்திறனையும் சேர்த்தால் அது 0.36 ஆகிறது. கனமான காருக்குப் பெரும்பாலும் பெரிய என்ஜினும் இருக்கும். எடையை மட்டும் பார்க்கும்போது என்ஜினின் பங்கும் எடையின் கணக்கிலேயே ஏறிவிடுகிறது. இரண்டு கணக்கையும் அடுத்தடுத்த நிரல்களில் காட்டி, ஏன் எண் இறங்கியது என்று ஒரு வரி எழுதினால், நூறு சூத்திரங்களைவிட அது வாசகருக்கு உதவும்.

எடையையும் திறனையும் ஒரே அளவுகோலில் ஒப்பிட, தரப்படுத்திய கெழு என்ற பீட்டாவைத் தருவது வழக்கம். இங்கே எடைக்கு −0.63, திறனுக்கு −0.36. ஒரு விபத்தைக் கவனியுங்கள்: அட்டவணையில் எடையின் கெழுவும் −0.36, பீட்டாவில் திறனின் மதிப்பும் −0.36. எது எந்த அலகில் என்று தலைப்பில் எழுதாவிட்டால் தேர்வாளர் குழம்புவது உறுதி. திறனைச் சேர்த்ததால் R² 0.75-இலிருந்து 0.83-க்கு ஏறியது. இதை f² என்ற விளைவளவாக மாற்றினால் 0.43 வரும். ஜேக்கப் கோஹன் 1988-இல் தந்த வரையறைப்படி 0.35-க்கு மேலிருந்தால் ‘பெரியது’. அவரே அந்த எல்லைகளை, வேறு அடிப்படை இல்லாதபோது பயன்படுத்தச் சொன்னார். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்ல முடிகிற இடத்தில் ‘பெரியது’ என்ற முத்திரையால் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை. மனப்பான்மை மதிப்பெண்போல அலகுக்கே பொருள் தெளிவில்லாத ஆய்வுகளில் அது கைகொடுக்கும்.

R² 0.83 என்றால் கார்களுக்கிடையேயான மைலேஜ் வேறுபாட்டில் 83 சதவீதத்தை இந்த இரண்டு மாறிகளும் கணக்கில் கொண்டுவருகின்றன என்று பொருள். 83 சதவீதக் கணிப்புகள் சரி என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது தவறு. சாதாரண வாசகருக்கு இதைவிடப் பயன்படுவது குறிப்பில் உள்ள 1.10. ஒரு குறிப்பிட்ட காரின் மைலேஜைக் கணித்தால் லிட்டருக்கு இரண்டு கி.மீ.க்குச் சற்று அதிகமாக, மேலேயோ கீழேயோ, விலகக்கூடும் என்பதை அதிலிருந்து சொல்லலாம். மாறிலியான 15.83-க்கு விளக்கமே வேண்டாம். எடையே இல்லாத, திறனே இல்லாத காரின் மைலேஜ் அது. விளக்கமுள்ள மாறிலி வேண்டுமானால் எடையையும் திறனையும் அவற்றின் சராசரியிலிருந்து அளந்து கணக்கிடலாம். அப்போது மாறிலி 8.54 ஆகும், சராசரிக் காரின் மைலேஜ்.

இவ்வளவும் நேர்கோடு தரவுக்குப் பொருந்துகிறது என்ற நம்பிக்கையில் சொன்னவை. பொருந்துகிறதா என்பதை, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை வரைந்து பார்த்தால் கண்டுபிடிக்கலாம். இங்கே கணிப்பைவிட மிக நன்றாக ஓடிய மூன்று கார்கள் டொயோட்டா கரோலா, ஃபியட் 128, கிரைஸ்லர் இம்பீரியல். கரோலாவுக்கு 11.9 என்று கணித்தோம்; ஓடியது 14.4. இம்பீரியலுக்கு 3.9 என்று கணித்தோம், ஓடியது 6.2. முதல் இரண்டும் இலகுவான கார்கள், மூன்றாவது 2,400 கிலோ எடையுள்ளது. இரு முனைகளிலும் உண்மை மேலே நிற்கிறது என்றால் உறவு நேர்கோடாக இல்லை, வளைகிறது. இலகுவான கார்களிடையே 100 கிலோவுக்கான இழப்பு 0.36-ஐ விட அதிகம், கனமானவற்றிடையே குறைவு. லிட்டருக்கு எத்தனை கி.மீ. என்பதைத் தலைகீழாக்கி, நூறு கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிட்டால் இந்த வளைவு பெருமளவு நேராகும். இதை ஆய்வாளர் தானே எழுதிவிட்டால் அது ஆய்வின் முடிவு. தேர்வாளர் கண்டுபிடித்தால் அது திருத்தம்.

இப்போது அட்டவணைக்குக் கீழே வரவேண்டிய பத்தி:

‘ஆய்வுக்குட்பட்ட 1973–74 மாடல் கார்கள் 32-இல், குதிரைத்திறன் சமமாக இருக்கும்போது, 100 கிலோ கூடுதல் எடையுள்ள கார்களின் மைலேஜ் சராசரியாக லிட்டருக்கு 0.36 கி.மீ. குறைவாக இருந்தது (95% நம்பக இடைவெளி: 0.24 முதல் 0.48 வரை). எடை சமமாக இருக்கும்போது, 100 குதிரைத்திறன் கூடுதலான கார்களில் இது 1.4 கி.மீ. குறைவாக இருந்தது (0.6 முதல் 2.1 வரை). மிக இலகுவான, மிகக் கனமான கார்களில் உண்மை மைலேஜ் கணிப்பைவிட உயர்ந்திருந்ததால், இந்த எண்களை நடுத்தர எடைக் கார்களுக்கே பொருத்திப் பார்க்கவேண்டும். கார்கள் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவை அல்ல.’

‘எடையைக் குறைத்தால் மைலேஜ் கூடும்’ என்று இந்தப் பத்தி சொல்லவில்லை. எந்தக் காரின் எடையையும் யாரும் குறைத்துப் பார்க்கவில்லை. எடை வேறுபட்ட கார்களை ஒப்பிட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ‘குறைவாக இருந்தது’ என்று இறந்தகாலத்தில் முடிப்பதும் அதனால்தான். p மதிப்பு பத்தியில் ஓரிடத்திலும் வரவில்லை. அதைத் தேடுகிறவருக்கு அட்டவணையின் கடைசி நிரல் இருக்கிறது.