முதலில் விவரப் பில், பிறகு தவணை

‘நாளைக்கு டிஸ்சார்ஜ்’ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனதும், நோயாளியின் வீட்டார் கைக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு தாள்தான். அறை வாடகை, மருந்து, ஆபரேஷன், பரிசோதனை என ஐந்தாறு வரிகள் இருக்கும். அடியில் ஒரு பெரிய தொகை. அதை வைத்துக்கொண்டு ‘கொஞ்சம் குறைச்சுக்கங்க சார்’ என்று கெஞ்சினால் ஏதோ தள்ளுபடி கிடைக்கலாம். தப்பாக ஏறிய தொகை எது என்பது மட்டும் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

2017இல் டெல்லியை ஒட்டிய குருகிராமில், டெங்குவுக்குச் சிகிச்சை பெற்ற ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். இரண்டு வாரச் சிகிச்சைக்கு வந்த பில் சுமார் 16 லட்சம் ரூபாய். 660 சிரிஞ்சுகள், 2,700 கையுறைகள் என்ற கணக்கு வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. அந்த எண்ணிக்கை தெரியவந்ததே, பில் பொருள் பொருளாகப் பிரிக்கப்பட்டிருந்ததால்தான். ‘மருந்து, உபகரணங்கள்’ என்று ஒற்றை வரியில் முடிந்திருந்தால் கேள்வி கேட்க என்ன இருந்திருக்கும்?

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனம், விவரமான பில் பெறுவதை உரிமையாகவே சொல்கிறது. பில் தகராறைக் காரணம் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. சாசனம் மட்டுமே சட்டமாகிவிடாது. ஆனாலும் பில்லிங் மேலாளருக்கு எழுதும் கடிதத்தில் அதைக் குறிப்பிட்டால் பேச்சின் தொனி மாறும். வாயால் கேட்பதைவிட இரண்டு வரி எழுதிக்கொடுத்து, நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ என்று கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

விவரப் பில் வந்ததும் எங்கே பார்ப்பது? ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன், பேக்கேஜ் 70,000 ரூபாய். ஆனால் வந்த பில் 1,18,400. இங்கே முதலில் எடுக்கவேண்டியது அட்மிஷனின்போது கொடுத்த பேக்கேஜ் தாள். அதில் ‘மயக்க மருந்து டாக்டர் கட்டணம், தியேட்டர் பொருட்கள் உட்பட’ என்றிருக்கிறது. பில்லிலோ மயக்க மருந்து டாக்டருக்கு 9,000, தியேட்டர் பொருட்களுக்கு 8,200 தனியாக ஏறியிருக்கிறது. எல்லாம் மோசடி என்று முடிவு கட்டவேண்டியதில்லை. தியேட்டர், வார்டு, ஃபார்மசி என ஒவ்வொரு பிரிவும் தன் பங்குக்குப் பதிவு செய்துகொண்டே போகும். எது பேக்கேஜுக்குள் அடங்கும் என்பதைக் கடைசியில் யாரும் கழிக்காமல் விட்டாலே போதும், இப்படி ஆகிவிடும்.

அடுத்தது மருந்து. வார்டுக்கு மொத்தமாக எடுத்து, போடாமல் திருப்பியனுப்பிய ஊசிகளுக்கு ஃபார்மசி ரிட்டர்ன் ஸ்லிப் உண்டு. அந்தத் தொகை 4,200 கழிக்கப்படவில்லை. நர்ஸ் ஒவ்வொரு வேளையும் குறித்துவைக்கும் மருந்துத் தாளில் எத்தனை ஊசி போட்டார்கள் என்றிருக்கும். பில்லில் உள்ள எண்ணிக்கையை அதோடு ஒட்டிப் பார்க்கவேண்டும். சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதி. கடைசியாக அறை வாடகை. ஐசியூவுக்கு மாற்றிய அன்று ஐசியூவுக்கும் வார்டுக்கும் சேர்த்தே வாடகை. வார்டின் 3,000 அதிகம். நாலையும் கூட்டினால் 24,400. பில் 94,000 ஆகிறது.

இதற்குப் பிறகுதான் தவணைப் பேச்சு. முழுப் பில்லுக்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட பின் ‘இது ரெண்டு தடவை வந்திருக்கே’ என்றால் காது கொடுப்பவர் குறைவு. மேலே சொன்ன கணக்கில் அட்வான்ஸ் 50,000 போக 44,000 பாக்கி. இன்று 20,000 கட்டுகிறோம், மீதியை மாதம் 6,000 வீதம் நாலு மாதத்தில் தருகிறோம் என்று தேதியோடு சொன்னால் நிர்வாகம் யோசிக்க இடமுண்டு. தவணை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எந்தத் தனியார் மருத்துவமனைக்கும் இல்லை. அது முழுக்கப் பேசித் தீர்ப்பதுதான்.

ஜாமீனாகச் செக் கேட்பார்கள். தொகை எழுதாத செக்கில் கையெழுத்துப் போடுவது ஆபத்து. செக் திரும்பினால் மாற்று முறையாவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் வழக்கு வரும். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு அதில் இடமுண்டு. தவணைக்கு ஒன்றாக, தேதியும் 6,000 என்ற தொகையும் எழுதிய செக்கே பாதுகாப்பு. செக் எண்களை ஒப்பந்தத் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும்.

‘வட்டியில்லாத இ.எம்.ஐ. இருக்கு’ என்று கவுன்டரில் ஒருவர் வந்தால், அது பெரும்பாலும் மருத்துவமனை தரும் தவணை அல்ல, நிதி நிறுவனம் தரும் கடன். செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, ஒரு மாதம் தவறினால் அபராதம் எவ்வளவு என்று கேட்டபிறகே ஒப்புக்கொள்ளலாம். அந்தக் கடன் கிரெடிட் ஸ்கோரிலும் ஏறும். மருத்துவமனையோடு நேரடியாகப் பேசியதென்றால், கடைசித் தவணை கட்டிய அன்றே ‘பாக்கி இல்லை’ என்று எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.